62 தாண்ட எத்தனை சரியாக வேண்டும்? செக்‌ஷன் கட்ஆஃபும் மொத்தக் கட்ஆஃபும்

கடைசிவரிசை: ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸுக்குப் படிக்கிறேன். நேற்றைய மாக் டெஸ்ட்டில் ஆங்கிலம் 26 எழுதி 21 சரி, குவான்ட்ஸ் 16 எழுதி 10 சரி, ரீசனிங் 32 எழுதி 29 சரி. கட்ஆஃப் ஆங்கிலத்துக்கு 10, குவான்ட்ஸுக்கு 9, ரீசனிங்குக்கு 12, மொத்தம் 62 என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் தாண்ட எத்தனை சரியாக இருக்க வேண்டும்?

வேகத்தடை: உங்கள் பிரச்சினை தப்பான விடைகள்தான், வேறொன்றுமில்லை. 14 தப்பு, ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் போனால் மூன்றரை மார்க் வீண். சந்தேகமாக இருக்கிற கேள்வியைத் தொடாதீர்கள். குவான்ட்ஸில் ஆறு தப்பில் இரண்டைத் தொடாமல் விட்டிருந்தாலே 10 சரி, 4 தப்பு, சரியாக 9 வந்திருக்கும்.

பச்சைமை: குவான்ட்ஸைப் பற்றிச் சொன்னது சரி. கட்ஆஃபைத் தொட்டாலே போதும், தாண்ட வேண்டியதில்லை. ஆனால் மொத்தத்துக்கு அது உதவாது. இவர் எடுத்தது 56.5. அந்த 14 தப்பையும் எழுதாமலே விட்டிருந்தால்கூட 60தான் வரும், ஏனென்றால் மொத்தம் 60தான் சரி. ஒரு தப்பும் இல்லாமல் எழுதினாலும் 62 மார்க்குக்கு 62 சரி வேண்டும். அதனால் முதலில் சரியானவை கூட வேண்டும், தப்பைக் குறைப்பது அப்புறம்.

நான் இரண்டு வருடமாக ஒவ்வொரு மாக் டெஸ்ட்டுக்கும் இந்த ஒரு கணக்கைத்தான் போடுகிறேன்:

```
தேவையான சரி = (4 × கட்ஆஃப் + எழுதியவை) ÷ 5
```

பின்னம் வந்தால் மேலே உள்ள முழு எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கால் மார்க் நெகட்டிவ் இருக்கிற தேர்வுக்குத்தான் இது பொருந்தும். 74 எழுதினால் 248ம் 74ம் கூட்டி 322, ஐந்தால் வகுத்தால் 64.4, அதாவது 65 சரி. 80 எழுதினால் 66. 70 மட்டும் எழுதினால் 64 போதும். கூடுதலாக ஐந்து கேள்வி தொட்டால், தேவையான சரி ஒன்று ஏறுகிறது. இதே கணக்கைக் குவான்ட்ஸுக்கு மட்டும் போட்டால், 16 எழுதுகிறவருக்கு 11 சரி வேண்டும். 14 எழுதினால் 10 போதும்.

மூன்றாம்முறை: எதற்கு இவ்வளவு குழப்பம்? செக்‌ஷன் கட்ஆஃப் என்று ஒன்றே கிடையாது. நான் போன முறை குவான்ட்ஸில் மிகக் குறைவாக எடுத்தும் மெயின்ஸ் எழுதினேன். மொத்தத்தை மட்டும் பாருங்கள்.

பச்சைமை: நீங்கள் எழுதியது எஸ்பிஐ கிளார்க்காக இருக்கும். அதன் பிரிலிம்ஸில் பாடவாரியாகக் குறைந்தபட்ச மார்க் கிடையாது. இவர் கேட்பது ஐபிபிஎஸ், இதில் உண்டு.

மூன்றாம்முறை: ஆமாம், அது எஸ்பிஐதான். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

வேகத்தடை: சரி, சரியானவை கூட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே கூட்டுவது? குவான்ட்ஸ் வராத ஒருவரை அங்கேயே உட்கார வைக்காதீர்கள். குவான்ட்ஸில் 11 எடுத்துக் கதவைத் தாண்டட்டும். ஆங்கிலத்தில் விட்ட நாலையும் எழுதி 30க்கு 25 எடுக்கட்டும், அது இவரால் முடியும். ரீசனிங் அப்படியே இருக்கட்டும். 25, 11, 29 கூட்டினால் 65. நீங்கள் சொன்ன 65 வந்துவிட்டதே!

பச்சைமை: இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், போன வருடம் நானும் சறுக்கினேன். 65 என்பது 74 எழுதினால் மட்டும். உங்கள் திட்டத்தில் 30, 16, 32 என்று 78 எழுதுகிறார். 65 சரி, 13 தப்பு, மூன்றேகால் போய் 61.75. கால் மார்க்கில் நின்றுவிடுவார். 78 எழுதினால் 66 வேண்டும்.

இன்னொன்று, மூன்று செக்‌ஷன் கட்ஆஃபையும் கூட்டிப் பாருங்கள், 31தான். 62க்கு மீதி 31 எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், ஆனால் இடம் இருக்கிற செக்‌ஷனிலிருந்துதான் வர முடியும். ரீசனிங்கில் 35ல் 29 சரி என்றால் இன்னும் கிடைக்கப்போவது மிஞ்சிப்போனால் ஆறு. ஆங்கிலத்தில் ஒன்பது. குவான்ட்ஸில் இவர் தொடாமல் விட்டதே 19 கேள்வி. ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனித்தனியாக 20 நிமிடம் என்பதால், குவான்ட்ஸில் மிச்சம் பிடிக்கிற நேரத்தை ரீசனிங்குக்குக் கொண்டுபோகவும் முடியாது. 11 வந்ததும் எழுந்து போகிற இடமில்லை அது, அந்த 20 நிமிடமும் அதற்கே உரியது.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன்: ஆங்கிலம் 26ல் 22, குவான்ட்ஸ் 22ல் 16, ரீசனிங் 32ல் 29. எழுதியது 80, சரி 67, மார்க் 63.75.

வேகத்தடை: 10 எடுப்பவர் 16 எடுப்பது பேப்பரில் எளிது. எத்தனை வாரம் ஆகும்?

பச்சைமை: அது அவருடைய அந்த ஆறு தப்பும் என்ன தப்பு என்பதைப் பொறுத்தது. எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

நள்ளிரவுநூலகம்: கடைசி நிமிடத்தில் மீதியை ஊகித்துப் போடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐந்து விருப்பங்கள், கால் மார்க் நெகட்டிவ். ஐந்தைக் கண்ணை மூடிப் போட்டால் சராசரியாக ஒன்று சரி, நாலு தப்பு, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஆனால் குவான்ட்ஸில் 8.5ல் நிற்கிறவர் ஒரு கேள்வியை ஊகித்தால் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் 9.5. தப்பானால் 8.25, எப்படியும் உள்ளே போகப்போவதில்லை. அப்போது போடுவதுதான் புத்திசாலித்தனம்.

வேகத்தடை: 8.5ல் நிற்கிறோம் என்று தேர்வு அறையில் யாருக்குத் தெரியும்? 9ல் நிற்கிறவர் அதே ஊகத்தைப் போட்டால் 8.75க்கு வந்துவிடுவார்.

நள்ளிரவுநூலகம்: அதனால்தான் இரண்டு விருப்பத்தைத் தள்ள முடிந்தால் மட்டும் என்கிறேன். மீதி மூன்றில் ஒன்று என்றால் சராசரியாக லாபம்தான்.

பச்சைமை: இரண்டைத் தள்ள முடிந்தால் நானும் போடுவேன். சுத்தமான ஊகத்தில் இன்னும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்புறம் ஒன்று, 9ம் 62ம் நாம் வைத்துக்கொண்டவை. உண்மையான கட்ஆஃப் ரிசல்ட்டோடுதான் தெரியும், கிளார்க்குக்கு மொத்தக் கட்ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல ஷிஃப்டில் நடந்தால் மார்க்கை நார்மலைஸ் செய்வார்கள், நாம் எண்ணிய மார்க் அப்படியே நிற்காது. அதனால் கணக்கில் வருகிற எண்ணுக்கு மேல் செக்‌ஷனில் இரண்டு, மொத்தத்தில் மூன்று நாலு சரி சேர்த்தே குறி வையுங்கள்.

கடைசிவரிசை: எல்லோருக்கும் நன்றி. அந்த ஆறு தப்பையும் இப்போது எடுத்துப் பார்த்தேன். நாலு ஒரே டேட்டா அட்டவணையில் வந்தவை. முதல் வரிசையின் கூட்டுத்தொகையை 480க்குப் பதில் 460 என்று போட்டுவிட்டு, அதே எண்ணை அடுத்த மூன்று கேள்விக்கும் கொண்டுபோயிருக்கிறேன். அந்த நாலும் சரியாக இருந்திருந்தால் 64 சரி, 10 தப்பு, 61.5. பச்சைமை அக்கா சொன்ன 65க்கு இன்னும் ஒன்று குறைகிறது. ஆங்கிலத்தில் தப்பான ஐந்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.