‘லாக் ஃபைல்’, ‘கான்ஃப்ளிக்ட் காப்பி’: தமிழில் என்ன சொல்லலாம்?

கோத்தகிரியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு மையத்துக்குத் தமிழில் கணினிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுவலகக் கணினிகள் எல்லாம் ஒரே பகிர்வுக் கோப்புறையைப் பார்க்கின்றன. தினசரி இலை வரவு `ilai_varavu.ods` என்ற ஒரே கோப்பில் ஏறுகிறது. ஒருவர் அதைத் திறந்திருக்கும்போது இன்னொருவர் திறந்தால், லிப்ரெஆபிஸ் இன்னார் திறந்து வைத்திருக்கிறார் என்று சொல்லி, படிக்க மட்டும் திறக்கவா என்று கேட்கிறது. அந்த நேரத்தில் கோப்புறையில் இப்படி ஒரு சின்னக் கோப்பும் இருக்கும்:

```
.~lock.ilai_varavu.ods#
```

இதைப் ‘பூட்டுக் கோப்பு’ என்று எழுதியிருக்கிறேன். இலை எடை போடும் இடத்தில் இருக்கும் மடிக்கணினி மட்டும் சிங்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் வழியாக ஒத்திசைகிறது. அங்கேயும் அலுவலகத்திலும் திருத்திவிட்டால் இரண்டாவதாக ஒரு கோப்பு வந்து நிற்கிறது. அதற்கு ‘முரண் நகல்’ என்று வைத்தேன். இரண்டு சொல்லும் சரிதானா?

கூடலூரிலிருந்து:

அக்கா, பூட்டு என்றாலே பாஸ்வேர்டு என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். சேமிக்கும்போதே கடவுச்சொல் போடும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே? எங்கள் கடையில் விலைப்பட்டியலுக்கு அப்படித்தான் செய்திருக்கிறோம்.

குன்னூரிலிருந்து:

கூடலூர் தம்பி, கடவுச்சொல் தெரிந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் அது தடுக்காது. இங்கே பேசுவது வேறு. ஆனால் பூட்டு என்றதும் உங்களுக்குக் கடவுச்சொல் நினைவுக்கு வந்ததே, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா, ‘பூட்டுக் கோப்பு’ எனக்கு உறுத்துகிறது. பகிர்வுக் கோப்புறையில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று உண்மையான பூட்டு. கோப்பைத் திறக்கும்போதே உங்கள் கணினி, ‘நான் எழுதப் போகிறேன், வேறு யாரையும் எழுத விடாதே’ என்று சர்வரிடம் கேட்டுக்கொள்கிறது. அடுத்து எழுதக் கேட்பவரை மறுப்பது சர்வர்தான். இந்தப் பூட்டு சர்வரின் நினைவில் இருக்கிறது, கோப்புறையில் எதுவும் தெரியாது. சர்வரில் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் ஓடினால் இப்படிப் பார்க்கலாம்:

```
sudo smbstatus -L
```

யார், எந்தக் கோப்பு, எப்போதிலிருந்து என்று வரிசையாக வரும். `DENY_WRITE` என்று இருந்தால் மற்றவர் எழுத முடியாது.

இன்னொன்று நீங்கள் காட்டிய `.~lock` கோப்பு. அதை நோட்பேடில் திறந்து பாருங்கள்: பயனர் பெயர், கணினியின் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அது எதையும் பூட்டவில்லை. லிப்ரெஆபிஸ் தனக்குத் தானே எழுதி வைக்கும் அறிவிப்பு அது. அதை மதிக்காத மென்பொருள் தாராளமாக எழுதிவிடும். மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இணைப்பு அறுந்ததை உணர்ந்ததும் சர்வர் தன் பூட்டை விட்டுவிடும். இந்தக் கோப்போ யாராவது அழிக்கும்வரை அங்கேயே கிடக்கும், வீட்டுக்குப் போனவர் பெயரை மறுநாளும் காட்டும். அதனால் இதற்குத் ‘திறப்புக் குறிப்பு’ என்று வைக்கலாமே. ‘பூட்டு’ சர்வருடையதற்கு மட்டும் இருக்கட்டும்.

ஊட்டியிலிருந்து:

நான் தமிழ் ஆசிரியன், கணினி ஓரளவு தெரியும். திறப்புக் குறிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முரண் ஏன் வருகிறது? கடைசியாகச் சேமித்தவர் ஜெயிக்கிறார், அவ்வளவுதானே? நேரம் பொருந்தாததுதான் காரணம் என்றால் ‘நேரப்பிணக்கு’ என்றே சொல்லலாமே.

குன்னூரிலிருந்து:

பாதி சரி, ஐயா. யார் ஜெயிப்பது என்பதை நேரம் முடிவு செய்கிறது. முரண் இருக்கிறதா என்பதை அது முடிவு செய்வதில்லை. எந்தக் கருவி இந்தக் கோப்பை எத்தனை முறை மாற்றியது என்று சிங்திங் ஒரு கணக்கு வைத்திருக்கும். உங்களுடையதில் என்னுடைய மாற்றங்கள் எல்லாம் அடங்கியிருந்தால் உங்களுடையது புதியது, சிக்கல் இல்லை. உங்களுடையதில் நான் இல்லை, என்னுடையதில் நீங்கள் இல்லை என்றால்தான் முரண்.

அக்காவின் மையத்தையே எடுத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு இரண்டு இடத்திலும் ஒரே கோப்பு. 9.40க்கு எடை போடும் இடத்தில் நெட் லைன் போய்விட்டது. அங்கே எடைகளை ஏற்றி 10.50க்குச் சேமிக்கிறார்கள். அலுவலகத்தில் கிலோ விலையைத் திருத்தி 11.20க்குச் சேமிக்கிறார்கள். லைன் இல்லாததால் ஒருவரின் திறப்புக் குறிப்பு இன்னொருவருக்குப் போய்ச் சேரவே இல்லை, ஆகவே எச்சரிக்கையும் இல்லை. 12.15க்கு லைன் வருகிறது. 11.20 பிந்தியது என்பதால் அதற்கே `ilai_varavu.ods` என்ற பெயர். மடிக்கணினி தன்னிடமிருந்ததை இப்படிப் பெயர் மாற்றி ஒதுக்குகிறது:

```
ilai_varavu.sync-conflict-20240612-121507-K7QZ3MA.ods
```

பெயரில் உள்ள 12.15 ஒதுக்கிய நேரம், திருத்திய நேரம் இல்லை. கடைசியில் வரும் ஏழு எழுத்து, ஒதுக்கப்பட்டதைத் திருத்திய கருவியின் அடையாளம். யாரைப் போய்க் கேட்பது என்பதை அதுதான் சொல்லும். மடிக்கணினியின் கடிகாரம் தவறாக அடுத்த நாளைக் காட்டியிருந்தால் முடிவு தலைகீழாகி, விலை திருத்தம் ஒதுங்கியிருக்கும்.

கோத்தகிரியிலிருந்து:

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நடுக்கமாக இருந்தது, ஏனென்றால் கிட்டத்தட்ட இதேதான் இங்கே நடந்தது. கணக்கு எழுதும் தம்பி அந்த இரண்டாவது கோப்பைப் பார்த்து, ‘நகல்தானே’ என்று அழித்துவிட்டார். அழித்தது ஒத்திசைந்து எல்லாக் கணினியிலும் போனது. பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் அமைப்பை யாரும் போட்டு வைக்கவில்லை. விவசாயிகளுக்குக் கொடுத்த எடைச் சீட்டின் அடிக்கட்டையை வைத்து அன்றைய இலையை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அடிக்கட்டை இல்லாமல் போயிருந்தால் அது அவர்களுடைய கூலி.

ஆகவே ‘நகல்’ என்ற சொல்லை நான் கைவிடுகிறேன். நகல் என்றால் அசல் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமாகிறது. இங்கே அந்த எடைகள் வேறெங்குமே இல்லை. ‘முரண்பதிப்பு’?

ஊட்டியிலிருந்து:

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. ஒரே பாட்டு இரண்டு சுவடியில் இரண்டு விதமாக இருந்தால் அதைப் பாடபேதம் என்று குறித்து வைப்பார்கள், தூக்கிப் போட மாட்டார்கள். சுவடிக்குப் ‘படி’ என்றும் சொல்வதுண்டு. ‘பேதப்படி’ என்று வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கும்.

கூடலூரிலிருந்து:

ஐயா மன்னிக்கணும், பேதப்படி என்றால் பயணப்படி, பஞ்சப்படி மாதிரி ஏதோ அலவன்ஸ் என்று எங்கள் கடைப் பையன் நினைப்பான். முரண்பதிப்பு புரிகிறது. சரி, அது வந்துவிட்டால் என்ன செய்யணும்?

குன்னூரிலிருந்து:

முதலில் எல்லோரும் கோப்பை மூடுங்கள். இரண்டையும் வேறு கோப்புறைக்கு நகலெடுத்து வையுங்கள். பிறகு ஜெயித்த கோப்பை கால்கில் திறந்து, திருத்து பட்டியலில் மாற்றங்களைத் தடமறியும் பகுதிக்குள் ஆவணத்தை ஒப்பிடும் கட்டளையைக் கொடுத்து மற்றதைக் காட்டுங்கள். வேறுபடும் கலங்களைக் குறித்துக் காட்டும், ஒவ்வொன்றாக ஏற்கலாம், மறுக்கலாம். ஒருவர் நடுவில் வரிசை செருகியிருந்தால் இந்த ஒப்பீடு குழம்பும். அப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையால் பார்ப்பதுதான் நல்லது. வேலை முடிந்த பிறகே முரண்பதிப்பை அழிக்கலாம்.

சொல்லைப் பொறுத்தவரை எனக்கு முரண்பதிப்பு சம்மதம். ஆனால் மென்பொருளின் ‘வெர்ஷன்’ என்பதற்கும் பதிப்பு என்றே எழுதுகிறோம். ‘லிப்ரெஆபிஸ் பதிப்பு’ என்ற வரிக்குப் பக்கத்தில் இது வந்தால் குழப்பமா என்று யாராவது சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

கையேட்டின் இந்த வரைவில் பூட்டு, திறப்புக் குறிப்பு, முரண்பதிப்பு மூன்றையும் போடுகிறேன். ஐயாவின் பேதப்படியை அடைப்புக்குள் வைத்து, எடை போடும் இடத்தில் இருக்கும் இரண்டு பெண்களிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். எந்தச் சொல்லைப் பார்த்ததும் அழிக்காமல் கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. மின்சாரம் போய்த் தங்கிவிட்ட திறப்புக் குறிப்புக்குத் தனிச்சொல் வேண்டுமா, ‘பழைய திறப்புக் குறிப்பு’ என்றாலே போதுமா?