புதுப்பிப்பு: மகன் தலையில் செதிலும் முடி கொட்டிய திட்டும், காரணம் தெரிந்தது

முன்பு கேட்டது: "பையனுக்கு ஏழு வயது. பொடுகு மாதிரி உதிர்கிறது, ஒரு இடத்தில் முடியும் கொட்டிவிட்டது. பொடுகா, பூஞ்சையா, புழுவெட்டா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பூஞ்சைதான். "புழுவெட்டு என்றால் திட்டு வழவழப்பாக இருக்கும், தொட்டுப் பாருங்கள்" என்றவர்தான் வழிகாட்டினார். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் திட்டு முழுக்கச் செதில், இடையிடையே தோலோடு முறிந்த முடிகள் கரும்புள்ளியாகத் தெரிந்தன. பொடுகு முடியை இப்படி முறிக்காது.

மருத்துவர் முதலில் ஊதா விளக்கில் பார்த்தார், எதுவும் ஒளிரவில்லை. முடிக்குள்ளேயே வளரும் பூஞ்சை அதில் ஒளிராதாம். செதிலையும் முறிந்த முடியையும் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் உறுதியானது.

கீட்டோகோனசோல் ஷாம்பு சொன்னவர் பாதி சரி. அது பிறருக்குப் பரவுவதைக் குறைக்கும், முடிக்குள் இருப்பதை அழிக்காது. அதனால் கிரிசியோஃபல்வின் மாத்திரை, 6 முதல் 8 வாரம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு. அண்ணனுக்கு ஸ்டீராய்டு ஊசியில் முடி வளர்ந்ததாக எழுதியவருக்கு: அது புழுவெட்டுக்கான சிகிச்சை, பூஞ்சைக்கு ஆகாது.

எதிர்பாராதது ஒன்று. மாத்திரை தொடங்கியதும் காதோரமும் கழுத்திலும் அரிக்கும் சிறு பருக்கள் வந்தன. மருந்து ஒவ்வாமையோ என்று பயந்து கேட்டோம். பரிசோதித்துவிட்டு, பூஞ்சைக்கு உடல் காட்டும் எதிர்வினைதான், மாத்திரையைத் தொடருங்கள் என்றார். அப்புறம் அது அடங்கியது, இப்போது பூமுடி வருகிறது. எங்கிருந்து தொற்றியது என்பது மட்டும் தெரியவில்லை. தங்கை தலையிலும் மாதிரி எடுத்திருக்கிறார்கள்.