கலைச்சொல்: கில் செயின்

மாறன்: அமெரிக்கப் படைத்தளவாட நிறுவனம் லாக்ஹீட் மார்ட்டின் 2011-இல் வெளியிட்ட ‘கில் செயின்’ என்ற கணினி ஊடுருவல் மாதிரியின் ஏழு கட்டங்களுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறேன். வேவு, ஆயுதமாக்கல், அனுப்பல், ஓட்டையில் நுழைதல், நிறுவல், கட்டளைத் தொடர்பு, நோக்கம் முடித்தல் என்று வைத்திருக்கிறேன். தலைப்புதான் இடிக்கிறது. ‘கொலைச் சங்கிலி’ என்று எழுத மனம் வரவில்லை.

தேவகி: ‘முறியடிப்புச் சங்கிலி’? தாக்குதலை நாம் கொல்கிறோம் என்பதுதானே பொருள்?

இரவி: இல்லைங்க தேவகி, சங்கிலி எதிராளியுடையது. இலக்கைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி அடித்து முடிப்பது வரைக்குமான படைத்துறைச் சொல் அது. ஆனால் முறிப்பது நம் வேலை என்பது சரி. அவருக்கு எல்லாக் கண்ணிகளும் தேவை, நமக்கு ஒன்று அறுந்தால் போதும். அதனால் ‘ஊடுருவல் சங்கிலி’ என்பேன். ‘படிநிலை’ என்றால் இந்த அறுபடுதல் தொலைந்துவிடும்.

2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் நடந்ததைப் பாருங்கள். குளிர்பதன ஒப்பந்ததாரரிடம் திருடிய கடவுச்சொல்லோடு உள்ளே வந்தார்கள். நவம்பர் 30-இல் கண்காணிப்புக் கருவி தீநிரலைப் பார்த்து எச்சரித்தது. தரவு வெளியேறத் தொடங்கியது டிசம்பர் 2-இல். நடுவில் இரண்டு நாள் இருந்தும் யாரும் கை வைக்கவில்லை. சுமார் 4 கோடி அட்டை விவரங்கள் போயின. ‘நிறுவல்’ கண்ணியில் கண்டறிதல் இருந்தது, தடுத்தல் இல்லை.

பஷீர்: சொல் எதுவானாலும் சரி அண்ணா. எங்கள் அலுவலகத்தில் 40 கணினி, ஃபயர்வால் வாங்கியாயிற்று. அடுத்து என்ன வாங்குவது?

இரவி: வாங்குவதற்கு முன் ஒரு தாளில் ஏழு வரிசை போடுங்கள் பஷீர். எதிரே கண்டறிதல், தடுத்தல் என்று இரண்டு பத்தி போதும். இருப்பதை எழுதினால் பெரும்பாலும் ‘அனுப்பல்’ வரிசை மட்டும்தான் நிரம்பியிருக்கும். ஆயுதமாக்கல் எதிராளியின் இடத்தில் நடப்பது, அதை வெறுமையாகவே விடுங்கள். பிறகு அனுப்பலுக்குப் பின் உள்ள வரிசைகளை நிரப்புங்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளில், உள்ளே ஒளிந்து ஓடும் சிறு நிரலான மேக்ரோவை முடக்குங்கள். ஊழியர் கணக்கில் நிர்வாகி உரிமையை எடுத்துவிட்டால் நிறுவல் கடினமாகும். வெளியே போகும் இணைப்புகளை ப்ராக்ஸி என்ற இடைநிலைக் கணினி வழியாக மட்டும் விட்டு, அதன் பதிவைத் தினமும் பார்க்க ஒருவரை வையுங்கள். கடைசி வரிசைக்கு, பிணையத்தோடு ஒட்டாத காப்புநகல். இதில் பாதிக்கு மேல் செலவே இல்லை.

தேவகி: டார்கெட் கதையில் ஒப்பந்ததாரர் கடவுச்சொல்லோடு கதவைத் திறந்துதானே வந்தார்கள்? ஓட்டையில் நுழைதல் எங்கே? உள்ளே இருக்கும் ஊழியரே திருடினால் அனுப்பலும் இல்லை. கண்ணி இல்லாத சங்கிலியா?

இரவி: நியாயமான கேள்வி. அந்த வழிக்கு ஏழு வரிசை பொருந்தாது. ஒப்பந்ததாரர் கணக்குக்கு இரட்டை அடையாளச் சரிபார்ப்பு வைத்து, அது தொடக்கூடிய கணினிகளைத் தனிப் பிணையத்தில் பிரிக்க வேண்டும். அதைத் தாளில் எட்டாவது வரிசையாகச் சேர்க்கச் சொல்வேன்.

மாறன்: சொல்லடைவில் இப்போதைக்கு ‘ஊடுருவல் சங்கிலி’. ‘ஊடுருவல் தொடர்’ என்று தேவகி அக்கா தனி மடலில் அனுப்பியதையும் பக்கத்தில் வைக்கிறேன். ஒப்பாதவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள்.