நேற்று லாபம், இன்று நட்டமா? ஒரு நண்டு லாட்டும் அதன் கூலிக் கணக்கும்

மண்டபம் கணக்கர்

இது நடந்து சில வருடம் ஆகிவிட்டது. இன்னும் மனதில் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் காஸ்ட் ஷீட் போடுவது என் வேலை. ஓலைக்கால் நண்டை வேகவைத்துச் சதை பிரிக்கும் ஹாலில் 40 பெண்கள். காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. மணிக்கு 50 ரூபாய் கூலி.

அன்று மாலை 4 மணிக்குத் தொண்டியிலிருந்து ஒரு லாட் வந்தது. அங்கேயே வேகவைத்து ஐஸ் பெட்டியில் அனுப்பியிருந்தார்கள். ஹாலில் மண்டபம் லாட் இன்னும் முடியவில்லை. 6 மணிக்குத்தான் தொண்டி நண்டில் கை வைத்தார்கள். 40 பேரும் 8 மணி வரை இருந்தார்கள். 80 மணி நேரம், இரட்டைக் கூலி, 8,000 ரூபாய். கிடைத்த சதை 100 கிலோ. நான் அப்படியே எழுதினேன்: தொண்டி லாட், கிலோவுக்குக் கூலி 80 ரூபாய். மண்டபம் லாட் 250 கிலோ, 200 மணி நேரம், 10,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 40.

மேனேஜர் ஷீட்டைப் பார்த்தார். மறுநாள் தொண்டி ஏஜென்ட் வண்டியோடு கேட்டில் நின்றபோது, "உங்க சரக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகல" என்று சொல்லித் திருப்பிவிட்டார். ஏஜென்டுக்கு அறுபது வயது இருக்கும். பெட்டி மூடியைத் திறந்து ஒரு நண்டை எடுத்து என் கையில் வைத்தார். "தம்பி, போன வாரமும் இதே நண்டுதான். அப்ப லாபம், இப்ப நட்டமா? இது என்ன செஞ்சுச்சு சொல்லுங்க." ஐஸ் தண்ணீர் என் சட்டைக் கையில் வழிந்தது. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ பாய்லர் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அன்று காலை பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் பழுது. விடியற்காலையில் வெந்து ஆறியிருக்க வேண்டிய மண்டபம் நண்டு, ஹாலுக்கு வந்தது 12 மணிக்கு. 9 முதல் 12 வரை 40 பேரும் மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த 120 மணி நேரத்தை 'காத்திருப்பு' என்று எழுதி, வழக்கம்போல பொதுச் செலவான ஓவர்ஹெட்டில் போட்டிருந்தது நானேதான்.

பாய்லர் ஓடியிருந்தால் மண்டபம் லாட் 3 மணிக்கே முடிந்திருக்கும். தொண்டி நண்டு 4 மணிக்கு வந்து 6 மணிக்குள் முடிந்திருக்கும். ஓவர்டைமே இருந்திருக்காது.

உப்பளத்துப் பிள்ளை

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் மேஸ்திரிக்கு உதவியாக இருக்கிறேன். எனக்கும் ஓவர்டைமில் ஒரு மனக்குறை உண்டு. மழை வருமென்று சொல்லி ஒரு ராத்திரி முழுக்க உப்பு அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடச் சொன்னார்கள். கை வெடித்து உப்புத் தண்ணீர் எரிந்தது. இரட்டைக் கூலி கேட்டபோது, போன வாரம் மழையில் இரண்டு நாள் சும்மா இருந்தீர்களே, அதற்கு இது சரி என்றார்கள். அப்படிக் கழிக்கலாமா? அந்த நண்டுக் கம்பெனிப் பெண்களுக்காவது 8,000 முழுதாகக் கொடுத்தார்களா?

மண்டபம் கணக்கர்

கொடுத்தார்கள் அண்ணே. நான் கேட்பது கொடுப்பதைப் பற்றி அல்ல, கொடுத்த பணத்தை எந்த லாட்டின் தலையில் எழுதுவது என்பதைப் பற்றி.

பழைய காஸ்ட் ஆபீசர், ராமநாதபுரம்

முதலில் உப்பளத்துத் தம்பிக்கு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, ஒரு நாளில் 9 மணி நேரத்தையோ ஒரு வாரத்தில் 48 மணி நேரத்தையோ தாண்டினால் இரட்டைக் கூலி என்றது. போன வாரம் சும்மா இருந்ததை இந்த வாரத்தில் கழிக்க அதில் இடம் இருக்கவில்லை. உங்கள் உப்பளம் அந்தச் சட்டத்துக்குள் வந்ததா என்பதை மட்டும் தொழிலாளர் ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நண்டு. கணக்கர் தம்பி செய்த தவறை நானும் செய்திருக்கிறேன். என் கதை சின்னது. இறால் கம்பெனியில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர், ஒரு வாரம் முன்னதாகத் தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏற்ற வேண்டும், கூடுதல் செலவைத் தானே தருவதாகச் சொன்னார். நான் அந்த ஓவர்டைமைப் பொது ஓவர்ஹெட்டில் கரைத்துவிட்டேன். பில் போடும்போது கேட்க வேண்டிய தொகை ஷீட்டில் இல்லை. கேட்காமலே போயிற்று. இன்றைக்கும் அது என் நெஞ்சில் நிற்கிறது.

அப்போது படித்துக்கொண்டது இது. ஓவர்டைம் கூலியை இரண்டாக வெட்ட வேண்டும். சாதாரண 50 ரூபாய் எப்போதும் அந்த லாட்டின் கூலிதான், ராத்திரி என்றாலும் சதை பிரித்த கை பிரித்ததுதான். மேலே கொடுத்த இன்னொரு 50 இருக்கிறதே, அந்தப் பிரீமியத்துக்குத்தான் காரணம் தேட வேண்டும். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாரா? அவர் ஆர்டரில் எழுது. சீசனில் எல்லா லாட்டும் நெருக்கி வந்ததால் பொதுவாகவே நேரம் போதவில்லையா? ஓவர்ஹெட்டில் போட்டு எல்லா லாட்டுக்கும் பிரி, ஏனென்றால் 6 மணிக்கு மேல் எந்த லாட் மேசையில் இருந்தது என்பது தற்செயல். எதிர்பாராத பழுதா? எந்த லாட்டிலும் எழுதாதே, காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்கு அனுப்பு. காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிடியூட்டின் சிஏஎஸ்-7 என்ற தரமும், அசாதாரணச் செலவை ஊழியர் செலவில் சேர்க்கக்கூடாது என்றே சொல்கிறது.

ஆகவே தொண்டி லாட்டுக்கு 80 மணி, 50 ரூபாய் வீதம் 4,000. கிலோவுக்கு 40. மண்டபம் நண்டுக்கும் அதே 40. அந்த ஏஜென்ட் கேட்டது நியாயம். பிரீமியம் 4,000, காலையில் சும்மா இருந்த 120 மணிக்கு 6,000, இந்த இரண்டும் பம்ப் பழுதின் பெயரில் போக வேண்டும்.

ஐஸ் பிளான்ட் சூப்பர்வைசர்

மேலே உள்ளவர் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் கடற்கரையில் சும்மா இருப்பது எல்லாமே சாதாரணம்தான். காற்று அடித்தால் படகு போகாது, மீன்துறை டோக்கன் கொடுக்காவிட்டால் போகாது, ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், நடுவில் கரண்ட் கட். இதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு இருந்தால் வேலை நடக்காது. மொத்தத்தையும் ஓவர்ஹெட்டில் போட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொன்று. நான் முன்பு இருந்த இடத்தில் கிலோவுக்குக் கூலி. சும்மா இருந்தால் கம்பெனிக்குச் செலவே இல்லை. அப்படி மாற்றிவிட்டால் இந்தக் கேள்வியே வராது. ஒருமுறை மூன்று மணி நேரம் நண்டு வரவில்லை, ஒரு பைசா கூட நாங்கள் கொடுக்கவில்லை. ஒரு அக்கா மட்டும் வெறும் டிபன் பாக்ஸை மூடி மூடித் திறந்துகொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது.

பழைய காஸ்ட் ஆபீசர், ராமநாதபுரம்

தடைக்காலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அது வருடா வருடம் வருவது, தேதி தெரிந்தது, அது சாதாரணம். மேலங்கி மாட்டுவது, கை கழுவுவது, இரண்டு லாட்டுக்கு நடுவில் மேசை கழுவுவது, இதுவும் அப்படியே. பம்ப் பழுது அப்படி அல்ல. அதை ஓவர்ஹெட்டில் போட்டால் பம்ப் மூன்று தடவை பழுதானாலும் ஷீட்டில் யாருக்கும் தெரியாது, நண்டு விலைதான் கூடியதுபோல இருக்கும். பம்ப் ரிப்பேருக்குப் பணம் கேட்க உங்களிடம் ஒரு எண்ணும் இருக்காது.

கிலோ கூலியில் செலவு இல்லை என்பது பாதிதான் உண்மை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே அந்த நாள் இறங்கினால் வித்தியாசத்தைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். அந்த வித்தியாசம்தான் அங்கே சும்மா இருந்த நேரத்தின் செலவு. அன்று அப்படி இறங்கியிருந்தால், நீங்கள் கொடுக்காமல் விட்டது அந்தப் பெண்ணின் பாக்கி.

கணவாய் ஹால் அக்கா

பாம்பன் பக்கம் கணவாய் சுத்தம் செய்யும் ஹாலில் ஆள் எடுப்பது, வருகைப் பதிவு எல்லாம் நான்தான். எனக்கு நடந்தது ஓவர்டைமில் அல்ல, ஆள் போவதில். ஆனால் அதே தவறுதான்.

விசைப்படகுத் தடை தொடங்கியதும் எங்கள் பெண்களில் ஏழெட்டுப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவார்கள், திரும்ப மாட்டார்கள். ஜூன் 15க்கு அப்புறம் புது ஆள் எடுப்போம். கை பழகியவர் மணிக்கு 6 கிலோ கணவாய் உரிப்பார். புதியவர் முதல் மூன்று வாரம் சராசரி 4 கிலோ. 18 நாள், 8 மணி நேரம் என்றால் 144 மணியில் 576 கிலோ. பழகிய கை இதை 96 மணியில் முடித்துவிடும். 48 மணி நேரம் போச்சு, அதாவது மணிக்கு 50 வீதம் 2,400 ரூபாய். மருத்துவச் சான்று, மேலங்கி, பூட்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேருக்கு 21,000.

எங்கள் கணக்கர் அதை ஜூனில் ஓடிய ஒரே ஆர்டரில் எழுதினார். 3,000 கிலோ ஆர்டர், கிலோவுக்கு 7 ரூபாய் ஏறிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, புதுப்பிள்ளைகள் வேலை செய்யவில்லை என்று அவர்கள் முன்னாலேயே கத்தினார். ஒரு பெண்ணுக்கு அன்றுதான் நான்காவது நாள். கையுறையைக் கழற்றி மேசையில் மடித்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை.

அந்த 21,000 ஜூன் ஆர்டரின் செலவே அல்ல. வருடம் முழுக்க ஹால் ஓடத்தான் அந்த ஆட்களை எடுத்தோம். வருடத்துக்கு 2,10,000 கிலோ ஓடுகிறது, அதில் பரப்பினால் கிலோவுக்கு 10 பைசா. வழக்கமாகப் போகும் ஆளுக்கான செலவை இப்படி ஓவர்ஹெட்டில்தான் வைக்க வேண்டும்.

கணக்கர் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும். எது வழக்கம் என்பதை மனதில் வைத்துச் சொல்லாதீர்கள், பழைய மஸ்டரை எடுங்கள். ஒவ்வொரு வருடமும் மே கடைசியில் எத்தனை பேர் பெயர் நின்றுபோனது என்று எண்ணுங்கள். எங்களுக்கு 6, 8, 7 என்று வந்தது. அடுத்த வருடம் கம்பெனி வேனை நிறுத்தினார்கள், 18 பேர் போனார்கள். ஏழுதான் வழக்கம், மீதி 11 பேர் வேன் நின்றதால் போனவர்கள். 33,000 ரூபாயைத் தனியாக எடுத்து லாப நட்டக் கணக்கில் வைக்கச் சொன்னேன். வேனின் மாத வாடகையை அதன் பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். காத்திருப்பு நேரத்துக்கும் இதையே செய்யுங்கள். 'காத்திருப்பு' என்று ஒரே சொல்லில் எழுதவே விடாதீர்கள். நண்டு வரவில்லை, பாய்லர், கரண்ட், மேசை கழுவல் என்று டைம் கார்டில் காரணத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். ஹால் சூப்பர்வைசர் அந்த நேரத்திலேயே டிக் அடிக்கட்டும். சாயங்காலம் ஞாபகத்தில் எழுதினால் எல்லாம் மறுபடி 'காத்திருப்பு' ஆகிவிடும்.

மண்டபம் கணக்கர்

அக்கா, கட்டம் போட்டுவிட்டேன், இப்போது இருக்கும் கம்பெனியில் நான்கு காரணம்.

காஸ்ட் ஆபீசர் ஐயா பம்ப் பெயரில் எழுதச் சொன்ன 4,000, 6,000 சேர்ந்த 10,000இல் மட்டும் எனக்கு ஒரு சிக்கல். பாய்லர் ஒழுங்காக ஓடியிருந்தாலும் அன்று 3 முதல் 4 வரை 40 பேரும் தொண்டி நண்டுக்காகக் காத்திருந்திருப்பார்கள். அது வழக்கமான காத்திருப்பு, 2,000 ரூபாய். நல்ல நாளில் மொத்தக் கூலி 16,000, அன்று ஆனது 24,000. பம்பால் கூடியது 8,000தானே?

பழைய காஸ்ட் ஆபீசர், ராமநாதபுரம்

நடக்காத ஒரு மணி நேரத்தைக் கணக்கில் கொண்டுவருகிறீர்கள். டைம் கார்டில் இருப்பது 120 மணி, அதற்குக் காரணம் பம்ப். நான் 10,000 என்றே எழுதுவேன். பம்ப் மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று முதலாளி கேட்டால் மட்டும் 8,000 என்று சொல்லுங்கள்.

மண்டபம் கணக்கர்

ஒரே பழுதுக்கு இரண்டு எண் என்றால் மேனேஜர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. எனக்கு இன்னும் 8,000தான் சரியாகப் படுகிறது.

அந்த ஏஜென்டை அப்புறம் தேவிபட்டினத்தில் பார்த்தேன். கிலோ 40தான் என்று சொன்னேன். "இப்ப வேற கம்பெனிக்குப் போடுறேன் தம்பி" என்றார்.