திமிங்கிலப் பரிமாற்ற அலர்ட்டுகள்: எக்ஸ்சேஞ்சுக்குள் போன நாணயங்கள் உண்மையில் விற்கப்பட்டனவா? (அனுபவப் பகிர்வு)

கடலோடி

பெரிய அளவில் பிட்காயின் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் சென்றது என்ற அலர்ட் வந்தவுடன், அதை மட்டுமே வைத்து விற்பவர்களும், விலை இறங்கும் என்று ஷார்ட் எடுப்பவர்களும் நம்மில் பலர் இருக்கிறோம். அப்படிப்பட்ட ஓர் அலர்ட்டை விடாமல் பின்தொடர்ந்து, அந்த நாணயங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன்.

முதலில் என்னுடையது. 2,400 பிட்காயின் அடையாளம் தெரியாத வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குச் சென்றதாக ஓர் இலவச பாட் அறிவித்தது. அந்தப் பரிவர்த்தனையை எக்ஸ்ப்ளோரரில் திறந்தேன். பல இன்புட்டுகள் இருந்தன, அவுட்புட்டுகள் இரண்டே. ஒன்றில் 150 பிட்காயின் எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் முகவரிக்குப் போயிருந்தது. மற்றொன்றில், கட்டணம் போக மீதமிருந்த ஏறத்தாழ 2,250 பிட்காயின், அதுவரை பயன்படுத்தப்படாத ஒரு முகவரிக்குப் போயிருந்தது. இன்புட் முகவரிகள் யாவும் `bc1q` என்று தொடங்கின. அந்தப் புதிய முகவரியும் அப்படியே தொடங்கியது. டெபாசிட் முகவரி மட்டும் `3` என்று தொடங்கியது. ஆகவே பெரிய தொகை அனுப்பியவருக்கே திரும்பிய மீதி என்று கருதினேன். முகவரி வகை ஒத்திருப்பது மட்டும் முழு நிரூபணம் ஆகாது. ஆனால் பிறகு அந்த 2,250 செலவிடப்பட்டபோது, பழைய முகவரிகளில் எஞ்சியிருந்த சிறு தொகைகளும் அதே பரிவர்த்தனையில் இன்புட்டாகச் சேர்ந்து வந்ததைக் கண்டபின் ஐயம் தீர்ந்தது. அந்த பாட் எல்லா அவுட்புட்டுகளையும் கூட்டித் தலைப்பில் போட்டிருந்தது.

தங்கமுனை

தாங்கள் குறிப்பிடுவது மட்டமான பாட்டின் குறை. அதனால் அலர்ட் என்பதே பயனற்றது என்று ஆகிவிடாது. 2024 ஜூன், ஜூலை மாதங்களில் ஜெர்மனி அரசின் வாலட்டை நான் நாள்தோறும் கவனித்து வந்தேன். பறிமுதல் செய்யப்பட்ட ஏறத்தாழ 50,000 பிட்காயின் ஜூன் 19 அன்று நகரத் தொடங்கியது. டெபாசிட்டுகள் தொடர்ந்தன, விலையும் இறங்கிக்கொண்டே வந்து, ஜூலை 5 அன்று 54,000 டாலருக்குக் கீழே போனது. அலர்ட்டை நம்பியவர்கள் அந்த நாட்களில் சரியான பக்கத்தில்தான் நின்றார்கள்.

நங்கூரம்

தங்கமுனை அவர்கள் சொல்லும் நிகழ்வு உண்மையே. அந்த நாணயங்கள் விற்கப்படவும் செய்தன. ஆனால் அதை டெபாசிட் அலர்ட்டின் வெற்றி என்று எடுத்துக்கொள்வதற்கு முன் அந்தக் கதையின் பிற்பகுதியையும் பார்க்க வேண்டும். நானும் அதே வாலட்டைக் கவனித்தவன். மிகப் பெரிய நகர்வுகள் வந்த நாள் ஜூலை 8. அன்று ஒரே நாளில் 16,000-க்கும் மேற்பட்ட பிட்காயின் வெளியே சென்றது. அலர்ட்டின் அளவு பெரிதாகப் பெரிதாக வீழ்ச்சியும் பெரிதாகும் என்றால், ஷார்ட் எடுப்பதற்கு அதைவிடச் சிறந்த நாள் இருந்திருக்க முடியாது. நடந்ததோ நேர்மாறு. அடித்தட்டு விலை மூன்று நாட்களுக்கு முன்பே, ஜூலை 5 அன்றே வந்துவிட்டது. ஜூலை 12 அன்று வாலட் காலியானபோது விலை 58,000 டாலரை ஒட்டி இருந்தது. அடுத்த சில நாட்களில் 64,000-ஐத் தாண்டியது.

இதற்குக் காரணம் உண்டு. விற்பவர் யார், கையிருப்பு எவ்வளவு, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சந்தையில் எல்லோரும் பார்க்க முடிந்தது. வரப்போகும் விற்பனை முன்கூட்டியே விலையில் ஏறிவிட்டது. இருப்பு குறையக் குறைய, மிச்சமிருந்த அச்சமும் குறைந்தது. அதோடு, அனுப்பிய நாணயங்களில் ஒரு பகுதி எக்ஸ்சேஞ்சுகளிலிருந்து அதே வாலட்டுக்குத் திரும்பி வந்ததையும் பார்த்தோம். ஒவ்வொரு டெபாசிட்டையும் முழு விற்பனையாக எண்ணியவர்கள் அந்தத் திரும்பிய தொகையையும் சேர்த்தே எண்ணிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. திவாலான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சிடமிருந்து பாக்கி வரவேண்டியவர்களுக்கான பட்டுவாடா தொடங்கியதும் அதே ஜூலை 5 அன்றுதான். அந்த வீழ்ச்சியில் எந்தப் பங்கு எதனால் வந்தது என்பதை விலைக்கோட்டைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

புதுமழை

என் கேள்வி இதே விஷயம்தான் என்று நினைக்கிறேன். நான் ஒரு எக்ஸ்சேஞ்சில் எனக்குத் தரப்பட்ட முகவரிக்குச் சிறு தொகை அனுப்பினேன். கணக்கில் வரவும் வைத்துவிட்டார்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், அந்த முகவரி காலியாக இருக்கிறது. என் நாணயம் வேறு எங்கோ போய்விட்டது. நான் எதையும் விற்கவில்லை. என் அனுமதி இல்லாமல் விற்றுவிட்டார்களா?

நங்கூரம்

இல்லை, அஞ்ச வேண்டாம். வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்த முகவரிகளில் சேரும் தொகைகளை எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது வழித்து எடுத்து, தன்னுடைய ஹாட் வாலட்டில் சேர்த்துக்கொள்ளும். உங்கள் இருப்பு அவர்களின் கணக்குப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கும். நீங்கள் விற்றாலும், அந்த விற்பனை அவர்களின் புத்தகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். பிளாக்செயினில் ஒரு வரிகூடப் பதியாது.

கடலோடி அவர்களின் கேள்விக்கும் இது நெருக்கமாகப் பொருந்துகிறது. டெபாசிட் பிளாக்செயினில் தெரியும், விற்பனை தெரியாது. உள்ளே போன தொகை டெரிவேட்டிவ் கணக்கிற்கு ஈடாக நிற்கலாம், பொதுச் சந்தைக்கு வெளியே நேரடிப் பேரம் நடக்கும் ஓடிசி மேசை வழியாக மொத்தமாகக் கைமாறலாம், அல்லது அதே எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்புப் பிரிவில் அசையாமல் கிடக்கலாம். வழித்தெடுக்கும் அந்த நகர்வையே பெயரிடப்படாத முகவரிகளிலிருந்து வந்த புதிய டெபாசிட் என்று அலர்ட் காட்டுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். 2025 நவம்பரில் காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச் தன் சொந்த வாலட்டுகளுக்கிடையே பெருந்தொகைகளை மாற்றப்போவதாக முன்பே அறிவித்தே மாற்றியது. அந்த அறிவிப்பைப் படிக்காமல் அலர்ட்டை மட்டும் பார்த்தவருக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நெய்தல்

நான் அலர்ட்டுகளைச் சேகரித்துச் சோதித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அலர்ட் வந்த நேரம், அப்போதைய விலை, ஒரு மணி நேரம் கழித்து விலை, ஒரு நாள் கழித்து விலை என்று குறித்து வைத்தேன். அதே வாரங்களில் குருட்டாம்போக்கில் தேர்ந்த நேரங்களுக்கும் அதே கணக்கைப் போட்டேன். இந்த இரண்டாவது பட்டியலைப் பெரும்பாலோர் போடுவதில்லை. சந்தை இறங்கிக்கொண்டிருந்த வாரத்தில் எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் அடுத்த நாள் விலை பெரும்பாலும் குறைந்தே இருக்கும்; அலர்ட்டுக்குத் தனியாக அதில் பெருமை எதுவும் இல்லை. என் இரு பட்டியல்களுக்கும் இடையே வர்த்தகக் கட்டணத்தை ஈடுகட்டும் அளவுக்குக்கூட வேறுபாடு தெரியவில்லை.

பழைய தரவை வைத்துச் சோதிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்று ஒரு முகவரிக்கு எக்ஸ்சேஞ்சின் பெயர் ஒட்டியிருக்கிறது என்றால், பரிமாற்றம் நடந்த அன்றும் அது ஒட்டியிருந்தது என்று பொருளில்லை. தரவு நிறுவனங்கள் முகவரிக் கூட்டங்களைப் பின்னர் அடையாளம் கண்டு, பழைய நாட்களின் எண்களையும் திருத்துகின்றன. அந்தத் திருத்திய வரைபடத்தில் அழகாகப் பொருந்தும் உத்தி, நேரடியாக ஓடும்போது பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முதன்மையான காரணம். அலர்ட்டை வந்த கணத்திலேயே, வந்த வடிவத்திலேயே சேமித்து வைத்திருந்தால் மட்டுமே சோதனை நேர்மையானதாக இருக்கும்.

தங்கமுனை

ஜூலை 8 பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். இருந்தாலும், பல ஆண்டுகள் அசையாத நாணயங்கள் எக்ஸ்சேஞ்சை நோக்கி நகரும்போது அதற்குத் தனி எடை உண்டு என்றே கருதுகிறேன். 2025 ஜூலையில் 2011 காலத்து வாலட்டுகளிலிருந்து 80,000 பிட்காயின் நகர்ந்ததே. அவை உண்மையிலேயே விற்கப்பட்டன அல்லவா?

நங்கூரம்

விற்கப்பட்டன, தன் வாடிக்கையாளருக்காக விற்றதாக கேலக்ஸி டிஜிட்டல் நிறுவனமே ஜூலை 25 அன்று அறிவித்தது. ஆனால் நாணயங்கள் முதலில் அசைந்தது ஜூலை 4 அன்று. அன்றே ஷார்ட் எடுத்தவர், பத்து நாட்களுக்குள் விலை 120,000 டாலரைத் தாண்டி ஏறியதைத் தாங்கியிருக்க வேண்டும். விற்பனை நடக்கும் என்ற ஊகம் சரியாகவே இருந்தது. எப்போது, எந்த வழியில் என்பதை அந்த முதல் நகர்வு சொல்லவில்லை.

நெய்தல்

பழைய நாணயங்களை மட்டும் தனியாகப் பிரித்து நானும் பார்த்தேன். நிகழ்வுகள் மிகக் குறைவாக இருப்பதால் எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்கமுனை அவர்கள் வந்த கணத்திலேயே சேமித்த பட்டியல் வைத்திருந்தால், நேரக்குறியுடன் இங்கே பகிருங்கள். என்னுடையதோடு சேர்த்து மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.