புதுப்பிப்பு: பால், சர்க்கரை, சாக்லேட், முகப்பரு – 12 வாரங்களுக்குப் பிறகு

என் பழைய கேள்வி: "மூன்றையும் விட்டால்தான் பரு போகுமா?"

எல்லாவற்றையும் சேர்த்து விட்டால் எது காரணம் என்றே தெரியாது என்று தோல் மருத்துவரான ஓர் அக்கா எச்சரித்திருந்தார். அதனால் இனிப்புப் பானங்களையும் வெள்ளை ரொட்டியையும் மட்டும் நிறுத்தினேன், ஏற்கெனவே பூசிவந்த பருக் களிம்பை மாற்றவில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். முதல் மாதம் எந்த மாற்றமும் இல்லை. பிறகு தாடையில் இருந்த 11 சிவந்த பருக்கள் 4 ஆயின. பரு தானாகவும் ஏறி இறங்கும் என்பதால் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2007இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்விலும், ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றாத உணவை 12 வாரம் உண்டவர்களுக்கு மற்றவர்களைவிடப் பரு கூடுதலாகக் குறைந்தது.

என் கேள்விக்குப் பதிலாக, சாக்லேட் குற்றமற்றது என 1969 ஆய்வு நிரூபித்துவிட்டது என்று ஒருவர் சொன்னது பாதிதான் சரி. அந்த ஆய்வில் ஒப்பிடக் கொடுத்த சாக்லேட் இல்லாத மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு இருந்தன!

கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறியதும் பரு பெருகியது என்ற தம்பிக்கு: பால் ஆய்வுகள் பெரும்பாலும் தொடர்பைத்தான் காட்டுகின்றன, காரணத்தை அல்ல. நீங்கள் குடிக்கும், பாலிலிருந்தே எடுக்கப்படும் வே புரதப் பொடியை முதலில் நிறுத்திப் பாருங்கள். நான் இன்னும் பாலை விடவில்லை; அடுத்த 12 வாரம் அதற்குத்தான்.