ஷக்‌ஷூகாவில் மஞ்சள் கரு கல்லாகிப் போன கதைகள்

ஸ்ஃபாக்ஸ்காரன்:
தூனிசியாவில் ஸ்ஃபாக்ஸ் ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மாடியில் எனக்கு அறை, கீழே வீட்டுக்கார அம்மா. விடுமுறை நாளில் ஷக்‌ஷூகா செய்தால் எனக்கும் ஒரு தட்டு வரும். தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைப்பதுதான் அது. தக்காளி, குடைமிளகாய், ஹரிஸா என்ற அந்த மிளகாய் விழுது, சீரகம் மாதிரி இருக்கும் கர்வியா விதை, இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். என்னை விடாமல் அரிப்பது வேறு.

ஒரு நாள் அடுப்படியிலேயே நின்று பார்த்தேன். நான்கு முட்டையை உடைத்து விட்டு மூடிவைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது ஓரமெல்லாம் வெள்ளையாகிவிட்டது, ஆனால் மஞ்சளைச் சுற்றி விரலகலத்துக்குக் கண்ணாடிபோல நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலேயே அடுப்பை அணைத்து மறுபடி மூடினார். எனக்குப் பதறியது. "இன்னும் வேகவில்லை" என்று அரைகுறை அரபியில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, ரொட்டி நறுக்கப் போய்விட்டார். நறுக்கி, தட்டு எடுத்துவைத்து, பேரனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்புறம்தான் மூடியைத் திறந்தார். கண்ணாடி இருந்த இடம் பால் நிறம். ரொட்டியால் குத்தினால் மஞ்சள் ஓடுகிறது.

ஊருக்கு வந்து பத்துத் தடவையாவது செய்திருப்பேன். வெள்ளை முழுசாக வெந்த பிறகுதான் அணைக்க மனம் வருகிறது. மேசைக்குப் போவதற்குள் மஞ்சள் கல். உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

காலை_ஷிஃப்ட்:
ஆகியிருக்கிறது, அதுவும் ஒரே நேரத்தில் பன்னிரண்டு தட்டு. ஓட்டலில் காலைச் சமையல் என் பொறுப்பு. சின்னச் சின்ன வார்ப்பிரும்புச் சட்டியில் ஓவனில் வைத்து எடுப்போம். ஒரு நாள் சரியான பதத்தில் எடுத்தேன், பரிமாறும் பையன் நான்கு நிமிடம் கழித்துத்தான் வந்தான். ஒரு விருந்தினர் மஞ்சளைக் கரண்டியால் முழுசாகத் தூக்கி, லட்டு மாதிரி என்னிடம் காட்டினார். அந்தக் கரண்டி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உங்கள் வீட்டுக்கார அம்மா செய்ததுதான் சரி தம்பி. மஞ்சள் 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கும், 70ஐத் தாண்டினால் ஓடாது. வெள்ளை 60ஐத் தாண்டியதும் கலங்க ஆரம்பித்தாலும் முழுசாக இறுக 80 வரை கேட்கும். அதாவது முதலில் வேக வேண்டியதற்குத்தான் சூடு அதிகம் தேவை. மஞ்சளை ஒட்டிய வெள்ளை தடித்தது, குழம்பிலிருந்து மேலே தூக்கி நிற்பது. அதனால் கடைசியாக வேகும். அது இறுகும்வரை அடுப்பிலேயே வைத்திருந்தால் அடிச்சூடு மஞ்சளை முடித்துவிடும். வாணலியில் மிச்சமிருக்கும் சூட்டுக்கு அந்தக் கடைசிப் பங்கை விட்டுவிட வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முட்டையை உடைத்ததும் முள்கரண்டியால் வெள்ளையை மட்டும் மெல்ல இழுத்துச் சுற்றியுள்ள குழம்போடு கலந்துவிடுங்கள். மஞ்சளைத் தொடக்கூடாது. வெள்ளை மெல்லிசாகப் பரவிச் சீக்கிரம் வெந்துவிடும். குழம்பு கெட்டியாக இருக்க வேண்டும், கரண்டியால் கோடு போட்டால் அடி தெரிந்து மெதுவாகத்தான் மூட வேண்டும். தண்ணியாக இருந்தால் குழி நிற்காது, முட்டை முங்கிவிடும். முட்டை பழசா என்றும் பாருங்கள். பழசென்றால் வெள்ளை தண்ணீராக ஓடி நார் நாராகக் குழம்பில் மிதக்கும். அந்தத் தண்ணி வெள்ளையைச் சல்லடையில் வடித்துவிட்டு மிச்சத்தை ஊற்றினால் உருண்டையாக நிற்கும்.

ஜித்தா_ராவுத்தர்:
இவ்வளவு கணக்கு எதற்கு என்றே புரியவில்லை. ஜித்தாவில் நான் தினமும் போன ஏமன் ஓட்டலில் ஷக்‌ஷூகா என்றால் தக்காளி, பச்சைமிளகாயோடு முட்டையைக் கிண்டிக் கொடுப்பார்கள். கொதிக்கக் கொதிக்கக் கருப்புச் சட்டியில் வரும். மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. எனக்கு அதுதான் ஷக்‌ஷூகா. நீங்கள் சொல்வது படம் எடுக்கச் செய்வது.

ஸ்ஃபாக்ஸ்காரன்:
அண்ணே, அதுவும் ஷக்‌ஷூகாதான், நான் மறுக்கவில்லை. தூனிசியாவிலேயே ஒஜ்ஜா என்று ஒன்று உண்டு, அதில் முட்டையைக் கலக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மா படம் எடுக்கிற ஆள் இல்லை. அவரிடம் ஃபோனே பொத்தான் ஃபோன்தான்.

கமலா_திண்டுக்கல்:
எங்கள் வீட்டில் உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு வாரத்துக்கு ஒரு தடவை. என் கஷ்டம் நேர்மாறு. மாமியாருக்கு மஞ்சள் ஓடினால் பிடிக்காது, "பச்சை வாடை" என்று தட்டை நகர்த்திவிடுவார். போன மாதம் ஒன்று மட்டும் உள்ளே ஓடியது, அது அவர் தட்டிலா விழ வேண்டும்! மற்ற மூன்றும் நன்றாக வெந்திருந்தன. ஒன்று மட்டும் ஏன் அப்படி? அப்புறம், வீட்டில் கர்ப்பமான பெண்ணோ சின்னக் குழந்தையோ இருந்தால் ஓடுகிற மஞ்சள் கொடுக்காதீர்கள், சொல்லிவிட்டேன்.

காலை_ஷிஃப்ட்:
அக்கா, புளிக்குழம்பு தண்ணி, முட்டை முங்கி நாலு பக்கமும் கொதியில் வேகும். அதனால் மஞ்சள் தானாகவே இறுகிவிடும். ஓடியது மேலே மிதந்ததாக இருக்கும், அல்லது கடைசியாக ஊற்றியது.

கமலா_திண்டுக்கல்:
கடைசியாக ஊற்றியதுதான். ஃபோன் வந்துவிட்டது.

குளிர்முட்டை:
எனக்குத் தெரிந்த வழி எளிது. முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உடையுங்கள். உள்ளே மஞ்சள் சில்லென்று இருப்பதால் கெட்டியாக நேரமாகும், அதற்குள் வெள்ளை வெந்துவிடும். மூடியும் வேண்டாம். மூடினால் நீராவி பட்டு மஞ்சள் மேல் வெள்ளைப் படலம் விழும். கல்லூரி விடுதித் தோழி ஒருத்தி ஒரு தடவை தட்டைப் பார்த்து "கண்புரை விழுந்த கண் மாதிரி இருக்கிறது" என்றாள். அன்றிலிருந்து மூடுவதே இல்லை.

காலை_ஷிஃப்ட்:
படலம் விழுவது உண்மை. ஆனால் மூடாமல் அடுப்பில் வைத்தால் மேல் வெள்ளைக்குச் சூடு எங்கிருந்து வரும்? அடியில் குழம்பு பிடித்துவிடும், மேலே சளிபோல நிற்கும். ஓவன் இருந்தால் மூடி வேண்டாம், மேலிருந்தும் சூடு வரும். குளிர்ந்த முட்டையைப் பொறுத்தவரை, மஞ்சளோடு வெள்ளையும்தானே சில்லென்று இருக்கிறது? நான்கு முட்டை விழுந்ததும் குழம்பின் கொதி நின்றுவிடும்.

குளிர்முட்டை:
நான் மூடாமல்தான் செய்கிறேன், எனக்கு வருகிறது. கரண்டியில் கொதிக்கிற குழம்பை எடுத்து வெள்ளை மேல் ஊற்றிக்கொண்டே இருப்பேன். அதை முதலில் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜித்தா_ராவுத்தர்:
அதைத்தானம்மா நான் கிண்டுவது என்கிறேன்.

ஸ்ஃபாக்ஸ்காரன்:
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். அதே இரும்பு வாணலி, ஐந்து முட்டை, ஓரத்தில் நான்கு, நடுவில் ஒன்று. வெள்ளையை முள்கரண்டியால் இழுத்துவிட்டேன். சின்னத் தீ, மூடி. ஐந்தாவது நிமிடம் திறந்தால் மஞ்சளைச் சுற்றி அதே கண்ணாடி வளையம். வாணலியை லேசாக ஆட்டினேன், வளையம் நடுங்கியது, வெளி வெள்ளை அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அணைத்தேன். ரொட்டி நறுக்கினேன். மனைவி மூன்று தடவை "எங்கே போகிறீர்கள், அடுப்பை ஏன் அணைத்தீர்கள்" என்றாள்.

திறந்தபோது ஓரத்தில் இருந்த நான்கிலும் மஞ்சள் ஓடியது. நடுவில் இருந்தது லட்டு. எங்கள் அடுப்பின் தீ நடுவில்தான் எரிகிறது, அது அப்புறம்தான் உறைத்தது. யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாவும் நடுவில் முட்டை வைத்ததே இல்லை, நான்கும் ஓரமாகத்தான் இருந்தன. படலம் நான்கிலுமே விழுந்திருந்தது. அவருடையதில் படலம் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.